வீட்டுக் காவலுக்கு நாலு சிசிடிவி கேமரா உள்ள செட் வாங்கலாமா? எத்தனை மெகாபிக்சல், ராத்திரியில் தெரியுமா, எத்தனை நாள் பதிவு நிற்கும், நாமே மாட்டிக்கொள்ள முடியுமா?

கும்பகோணம் பக்கத்தில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்குப் போட்ட செட்டை வைத்தே சொல்கிறேன். ஒரே பெட்டியில் வந்தது: படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான நாலு சேனல் டிவிஆர் ஒன்று, 2 மெகாபிக்சல் கேமரா நான்கு (இரண்டு டோம், இரண்டு புல்லட்), 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேமராக்களுக்கு 12 வோல்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், படமும் பவரும் சேர்ந்தே போகும் 90 மீட்டர் திரீ பிளஸ் ஒன் கேபிள், படக் கம்பி முனைகளுக்கு எட்டு பிஎன்சி, பவர் முனைகளுக்கு நாலு டிசி பின். கடையில் "முழு செட்" என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்து வைப்பார்கள்.

மெகாபிக்சலைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் அந்த எண்ணைவிட, ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் 2.8 மி.மீ., 3.6 மி.மீ., 6 மி.மீ. என்ற லென்ஸ் அளவுதான் உங்களுக்கு முக்கியம். எங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். போர்டிகோ சுவரிலிருந்து கேட் 7 மீட்டர். 2.8 லென்ஸ் அகலமாகப் பார்க்கும். 7 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 15 மீட்டர் அகலத்தை ஒரே படத்துக்குள் அடைத்துவிடும். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 புள்ளி. அப்படியானால் ஒரு மீட்டருக்கு 128 புள்ளி. ஒரு மனிதரின் முகம் சுமார் 15 செ.மீ. அகலம், அதற்குக் கிடைப்பது இருபது புள்ளிக்கும் குறைவு. யாரோ வந்தார், சட்டை வெள்ளை, கையில் பை என்று சொல்லலாம். தெரிந்தவர் என்றால் நடையை வைத்து அடையாளம் கண்டுவிடலாம். முன்பின் தெரியாதவர் முகத்தை இதில் எடுத்துக் காட்ட முடியாது.

சரி, 5 மெகாபிக்சலுக்குப் போனால்? அகலம் 2560 புள்ளி அளவுக்கு வரும், முகத்துக்கு 25 புள்ளி சொச்சம் கிடைக்கும். அதே 2 மெகாபிக்சலில் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் 7 மீட்டரில் பார்க்கும் அகலம் ஆறரை மீட்டராகச் சுருங்கி, முகத்துக்கு 44 புள்ளி கிடைத்துவிடும். அதனால் கேட்டைப் பார்க்க ஒரு 6 மி.மீ. புல்லட், போர்டிகோவை முழுசாகப் பார்க்க ஒரு 2.8 டோம் என்று பிரித்துக்கொண்டேன். செட்டில் பெரும்பாலும் 6 மி.மீ. லென்ஸ் வராது. வாங்கும்போதே ஒன்றை மாற்றித் தரச் சொன்னால் பெரும்பாலான கடைகளில் தருவார்கள். உயரம் எட்டு, ஒன்பது அடிக்கு மேல் வேண்டாம். கைக்கு எட்டக் கூடாது என்று மொட்டைமாடிச் சுவரில் மாட்டிவிட்டு, பிறகு வழுக்கைத் தலையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கின்றன.

ராத்திரி தெரியுமா என்றால், தெரியும், கறுப்பு வெள்ளையில். இருட்டியதும் கேமராவுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பகலில் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் கண்ணாடித் தகடு நகர்வதுதான் அந்தச் சத்தம். பிறகு லென்ஸைச் சுற்றியுள்ள எல்ஈடிகள் மங்கலான சிவப்பில் எரியும். அட்டையில் 20 மீட்டர், 30 மீட்டர் என்று போட்டிருப்பது ஆள் இருப்பது தெரியும் தூரம். முகம் தெரிவது அதில் பாதிகூட இல்லை. வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டர் மெதுவாக வேலை செய்யும். நிற்கிற ஆள் தெளிவாகத் தெரிவார், வேகமாக நடப்பவர் முகம் கலங்கிவிடும். கேட் பக்கம் 9 வாட் பல்பு ஒன்றை விடிய விடிய எரியவிட்டதில் எங்களுக்குக் கிடைத்த தெளிவு, விலை கூடிய கேமராவில் கிடைத்திருக்குமா என்று சந்தேகம்தான். வெள்ளை விளக்கோடு வரும் கலர் கேமராவும் உண்டு. அது எரிந்தால் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் வெளிச்சம் அடிக்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாட்டிய முதல் ராத்திரி போர்டிகோ கேமராவில் படம் பாதி வெள்ளைவெளேர், மீதி கும்மிருட்டு. கேமராவில் கோளாறு இல்லை. சன்ஷேடுக்கு ஒட்டினாற்போல் மாட்டியிருந்தோம். சுண்ணாம்பு அடித்த அந்த விளிம்பு எல்ஈடி ஒளியை அப்படியே திருப்பி அடித்தது. பக்கத்தில் இருப்பது பளிச்சென்று தெரிந்தால் கேமரா மொத்த வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளும், தூரத்தில் இருப்பது மறைந்துவிடும். ஒரு அடி கீழே இறக்கியதும் சரியானது. திருகை முடுக்குவதற்கு முன் ஒரு ராத்திரி தற்காலிகமாகக் கட்டிவைத்துப் பார்த்திருந்தால் சுவரில் இரண்டாவது துளை விழுந்திருக்காது.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கொல்லையில் கிடந்த மோட்டார் ஒயரைக் காணோம். அம்மா கவனித்துச் சொன்னபோது அது போய்ப் பதினைந்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். டிவிஆரைத் திறந்தால் பதினோரு நாளுக்கு முந்தையது எதுவும் இல்லை. டிஸ்க் நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும், அதில் தப்பில்லை. கணக்கு போட்டுப் பார்க்காதது என் தப்பு. ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் பதினொன்றரை நாளில் தீர்ந்துவிடும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, டிவிஆரின் என்கோட் பகுதியில், வீடியோவைச் சுருக்கும் முறை H.264 என்று இருப்பதை H.265+ ஆக மாற்றி, விநாடிக்கு எழுதும் அளவான பிட்ரேட்டை 2 மெகாபிட்டிலிருந்து 1024 கிலோபிட்டாகக் குறைப்பது, நாட்கள் இரட்டிப்பாகும். இலை, கிளை ஆடும் கொல்லைப்புறக் கேமராவில் படம் கொஞ்சம் குழையும், மற்றவற்றில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இன்னொன்று, 2 டிபி டிஸ்க். நான் இரண்டையும் செய்து ஒன்றரை மாதத்துக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் போடாதீர்கள். இருபத்துநாலு மணி நேரமும் எழுதுவதற்கென்றே தனி வகை விற்கிறார்கள். அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யச் சொல்லலாமே என்பீர்கள். ராத்திரி ஒரு ஈசல் கூட்டம் வந்தால் போதும், விடியும்வரை அசைவுதான். முழுநேரப் பதிவும் இருக்கட்டும், அசைவுக் குறி தேடுவதற்கு மட்டும் இருக்கட்டும்.

வைஃபை கேமராவில் மெமரி கார்டு போட்டால் டிவிஆரே வேண்டாம், வேலையும் குறைவு. ஆனால் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் பதிவும் சேர்ந்து போய்விடும். கிளவுடில் வைக்க மாதச் சந்தா கட்ட வேண்டும், லைன் போகாமலும் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் மழை வந்தால் முதலில் போவது இன்டர்நெட். டிவிஆரில் நெட் இல்லாவிட்டாலும் பதிவு நடக்கும். போனில் பார்க்க மட்டும்தான் நெட் வேண்டும். அதை டிவிக்குப் பக்கத்தில் வைக்காமல் பூஜையறைப் பரண்மேல் வைத்தோம், காற்று போக வழி விட்டு.

இனி மாட்டுகிற வேலை. கேமராவைத் திருகுவது அரை மணி நேரம், கேபிள் இழுப்பதுதான் நாள் முழுக்க. முதலில் ஒரு கயிற்றை எடுத்து, கேபிள் போகிற வழியாகவே வளைத்து வளைத்து அளந்துவிடுங்கள். எங்களுக்கு போர்டிகோ 9 மீட்டர், கேட் 12, சந்து 24, கொல்லை 32, மொத்தம் 77. சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் தாழ்வாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். பிஎன்சி, டிசி பின் இரண்டையும் கேமராவுக்குப் பின்னால் ஒரு பிவிசி பெட்டிக்குள் வையுங்கள். பிஎன்சி மாட்டும்போது வெளிவலையின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் திரையில் "Video Loss" வரும், அல்லது கோடு கோடாக ஓடும். பத்தில் எட்டுக் கோளாறு அந்த இடத்தில்தான் இருக்கும்.

எட்டுக்குள் அடங்காத ஒன்று எனக்கு வந்தது. கொல்லைக் கேமரா பகலெல்லாம் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் ஆறரை மணிக்கு அம்மாவிடமிருந்து போன்: "தம்பி, கொல்லைப்பக்கம் இருக்கிறது கண்ணடிச்சுக்கிட்டே இருக்குடா." படம் வரும், போகும், வரும். கேமராவிலிருந்து டிக் டிக் என்று சத்தம். கேமரா போச்சு என்று மாற்ற இருந்தேன். மீட்டரோடு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "இருங்கண்ணே, அவசரப்படாதீங்க" என்று கேமரா முனையில் வைத்துப் பார்த்தார். எஸ்எம்பிஎஸ் பக்கம் 12.1 வோல்ட். கேமரா பக்கம் எல்ஈடி எரியாதபோது 11.1, எரிந்ததும் 9.5, உடனே கேமரா அணைந்து மறுபடி 12. செட்டோடு வந்த கேபிள் கம்பிகள் முடி போல மெல்லியவை, செம்புகூட இல்லை, செம்பு பூசிய அலுமினியம். எல்ஈடி எரியும்போது கரன்ட் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். போக வர 64 மீட்டர் மெல்லிய கம்பியில் அந்த வோல்ட் கரைந்துபோகிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பவருக்கு மட்டும் தனியாக 1 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் இழுத்தார், ராத்திரி 11.6 நின்றது. மோட்டார் ரூம் பிளக்கில் ஒரு அடாப்டர் போட்டும் முடித்திருக்கலாம், ஆனால் அந்த லைன் இன்வெர்ட்டரில் இல்லை.

ஆகவே உங்கள் வீட்டில் எந்தக் கேமராவும் 20 மீட்டருக்குள் இருந்தால், டிரில்லும் ஏணியும் பிடிக்க இன்னொரு ஆளும் இருந்தால், நீங்களே மாட்டலாம். அதைத் தாண்டினால் கேபிள் வேலையை மட்டும் ஆளிடம் விட்டுவிட்டு, லென்ஸையும் இடத்தையும் நீங்கள் முடிவு செய்யுங்கள். அந்த ஆள் கிளம்புவதற்கு முன் டிவிஆர் பாஸ்வேர்டை உங்கள் கையாலேயே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் போட்ட admin123 அப்படியே இருக்கும்.

ஒன்றை மறந்துவிட்டேன். எல்ஈடி வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ராத்திரிப் படத்தில் வெள்ளைக் கயிறு ஆடுவது போலத் தெரிந்தால் அதுதான். அம்மா இப்போது என்னிடம் கேட்பதே இல்லை, ஒட்டடைக்குச்சியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.