வேறுபாடு மட்டும் போதாது: பிணைப்பு முக்கோணத்தில் அலுமினியம் குளோரைடின் இடம்

கேள்வி: மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாடு 1.7-க்கு மேல் இருந்தால் அயனிப் பிணைப்பு என்றே சொல்லிக்கொடுத்து வந்தேன். ஆனால் HF-இல் வேறுபாடு 1.78, அது வாயு. NaH-இல் 1.27-தான், அது உப்பைப் போன்ற திண்மம். AlCl₃-ஐ எந்தப் பக்கம் வைப்பது? ஃபஜான் விதியை எந்த இடத்தில் கொண்டுவர வேண்டும்?

பதில்: 1.7 என்பது இயற்கை போட்ட கோடு அன்று. பாலிங் வகுத்த தோராயமான சமன்பாட்டில் அயனித்தன்மை ஏறத்தாழ 50 சதவீதத்தை எட்டும் இடம் அது, அவ்வளவே. பாடநூல்கள் அதை எல்லைக்கோடாக மாற்றிவிட்டதால்தான் HF-உம் NaH-உம் விதிவிலக்குகளைப் போலத் தோன்றுகின்றன. வேறுபாட்டோடு சராசரியையும் கணக்கிட்டால் இரண்டும் தத்தம் இடத்தில் அமைந்துவிடும்.

வேறுபாடு, எலக்ட்ரான்கள் இரு அணுக்களில் எதன் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதைச் சொல்கிறது. சராசரி சொல்வது வேறொன்றை: இரு அணுக்களும் சேர்ந்து எலக்ட்ரான்களை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதை. சராசரி தாழ்ந்திருந்தால் பிடி தளர்வானது, எலக்ட்ரான்கள் பல அணுக்களுக்கும் பொதுவாகப் பரவும். உயர்ந்திருந்தால் அவை இரு அணுக்களுக்கு நடுவே குறுகிய இடத்தில் அடைபட்டிருக்கும். சராசரியைக் கிடைமட்ட அச்சிலும் வேறுபாட்டைச் செங்குத்து அச்சிலும் குறித்தால் இரு தனிமங்களால் ஆன எல்லாச் சேர்மங்களும் ஒரு முக்கோணத்துக்குள் அடங்கும். அதன் இடது அடிமுனையில் சீசியம் உலோகமும் (0.79), வலது அடிமுனையில் ஃபுளூரினும் (3.98), உச்சியில் CsF-உம் இருக்கின்றன. வான் ஆர்கெல் 1941-இலும் கெட்டெலார் 1947-இலும் முன்வைத்த முக்கோணத்தின் எண் வடிவம் இது.

இப்போது HF-ஐக் குறித்துப் பாருங்கள். ஹைட்ரஜனுக்கு 2.20, ஃபுளூரினுக்கு 3.98, சராசரி 3.09, வேறுபாடு 1.78. புள்ளி முக்கோணத்தின் வலது விளிம்பின் மேலேயே விழுகிறது. ஃபுளூரைடுகள் அனைத்தும் அந்த விளிம்பில்தான் இருக்கும்; அது சகப்பிணைப்பு முனையிலிருந்து அயனி உச்சிக்கு ஏறும் விளிம்பு. இதற்கு இணையாக ஒரு வியப்பான சேர்மத்தைச் சொல்கிறேன்: சீசியம் ஆரைடு, CsAu. தங்கத்துக்கு 2.54 என்பதால் வேறுபாடு 1.75, அதாவது ஏறத்தாழ HF-இன் அதே உயரம். ஆனால் சராசரி 1.67 மட்டுமே. சீசியத்தின் சேர்மங்கள் இருக்கும் இடது விளிம்பில், உலோக முனைக்கும் அயனி உச்சிக்கும் நடுவே அது நிற்கிறது. இரண்டு உலோகங்கள் சேர்ந்தும் கிடைப்பது உலோகக்கலவை அன்று. Cs⁺, Au⁻ அயனிகளைக் கொண்ட, சீசியம் குளோரைடு அமைப்புடைய குறைகடத்தி.

ஒரே வேறுபாடு, இரு வேறு இயல்புகள். CsAu-வைப் பார்த்து "உலோகமா, அயனியா" என்று கேட்க வேண்டும். HF-ஐப் பார்த்து "சகப்பிணைப்பா, அயனியா" என்று கேட்க வேண்டும். எந்த இரண்டுக்கு இடையே போட்டி என்பதைச் சராசரி தீர்மானிக்கிறது. அந்தப் போட்டியில் அயனித்தன்மை எவ்வளவு தூரம் வென்றிருக்கிறது என்பதை வேறுபாடு காட்டுகிறது. NaH-இன் சராசரி 1.57. எலக்ட்ரான்களை இறுக்கி ஒரு சகப்பிணைப்பில் நிறுத்தும் வலிமை அங்கே இல்லாததால் 1.27 என்ற சிறிய வேறுபாடே அயனித் திண்மத்தை உண்டாக்கப் போதுமானதாகிறது. அயனிப் பகுதியின் எல்லை கிடைமட்டக் கோடாக இல்லாமல் வலப்புறம் போகப் போக மேலேறும் சாய்கோடாக இருப்பது இதனால்தான்.

AlCl₃-க்கு வருவோம். அலுமினியத்துக்கு 1.61, குளோரினுக்கு 3.16, சராசரி 2.385, வேறுபாடு 1.55. CsF-இன் சராசரியும் சரியாக 2.385-தான். ஆகவே AlCl₃ உச்சிக்கு நேர்கீழே, ஏறத்தாழ பாதி உயரத்தில் இருக்கிறது. "எந்தப் பக்கம்" என்ற உங்கள் கேள்விக்கு முக்கோணம் தரும் விடை: எந்தப் பக்கமும் இல்லை, நடுவில். பொருளின் நடத்தையும் அப்படியே. திண்ம நிலையில் ஒவ்வொரு அலுமினியத்தையும் ஆறு குளோரின்கள் சூழ்ந்த அடுக்கமைப்பு இருக்கிறது. அழுத்தத்தில் வைத்துச் சுமார் 192 °C-இல் உருக்கினால் அது குலைந்து, நான்கு குளோரின்கள் மட்டுமே சூழ்ந்த Al₂Cl₆ மூலக்கூறுகளாகிவிடுகிறது. NaCl உருகியதும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். AlCl₃ உருகியதும் கடத்துதிறன் ஏறக்குறைய அற்றுப்போகிறது.

ஃபஜான் 1923-இல் தந்த விதிகள் இதே நிலப்பரப்பை எதிர்த்திசையிலிருந்து அணுகுகின்றன. முதலில் எல்லாம் முழு அயனிகள் என்று வைத்துக்கொண்டு, நேரயனி எதிரயனியின் எலக்ட்ரான் முகிலை எவ்வளவு இழுத்து உருக்குலைக்கும் என்று கேட்கின்றன. Al³⁺-இன் ஆரம் சுமார் 54 பிக்கோமீட்டர், Na⁺-க்கு 102. மின்சுமையை ஆரத்தால் வகுத்தால் அலுமினியத்தின் முனைவாக்கும் திறன் சோடியத்தினதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். இழுபடும் பக்கத்தில் Cl⁻ பெரியது (181), எளிதில் உருக்குலையும்; F⁻ சிறியது (133), இறுகியது. எனவே AlF₃ உச்சியை நோக்கி நகர்கிறது, AlCl₃ கீழே தங்கிவிடுகிறது. மந்தவாயு அமைப்பு இல்லாத நேரயனிகள் கூடுதலாக முனைவாக்கும் என்ற விதிக்கு Ca²⁺ (100), Hg²⁺ (102) இணையைக் காட்டுங்கள். ஆரமும் மின்சுமையும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் CaCl₂ 772 °C-இல் உருகும் அயனித் திண்மம், HgCl₂ நேர்கோட்டு மூலக்கூறுகளால் ஆனது.

இதுவரை இரு வழிகளும் ஒத்துப்போகின்றன. ஃபஜான் விதி தவிர்க்க முடியாததாகும் இடம் ஒன்று உண்டு: ஒரே தனிமத்தின் வெவ்வேறு ஆக்சிஜனேற்ற நிலைகள். வெள்ளீயத்துக்குப் பட்டியலில் 1.96 என்ற ஒரே மதிப்பைத்தான் வழக்கமாகக் காண்போம். அதை வைத்தால் SnCl₂-உம் SnCl₄-உம் முக்கோணத்தில் ஒரே புள்ளியில் விழும். உண்மையில் முன்னது 247 °C-இல் உருகும் திண்மம். பின்னது அறை வெப்பநிலையில் நீர்மம், 114 °C-இல் கொதிக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது நேரயனியின் மின்சுமை பற்றிய விதிதான். ஆகவே முதலில் முக்கோணத்தில் புள்ளியைக் குறித்து, பிறகு மின்சுமையைப் பார்த்து அதை வலக்கீழாகவோ உச்சியை நோக்கியோ நகர்த்தச் சொல்லுங்கள்.

மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் உருகுநிலை. AlF₃, SiF₄ இரண்டும் வலது விளிம்பில் அண்டை வீட்டார் (2.37, 2.08). முன்னது ஆயிரம் டிகிரிக்கு மேலும் திண்மமாகவே தாங்கும், பின்னது வாயு. பிணைப்பின் தன்மையில் அவ்வளவு பெரிய இடைவெளி கிடையாது. அலுமினியத்தைச் சூழ்ந்த ஆறு ஃபுளூரின்கள் பக்கத்து அலுமினியங்களோடும் பகிரப்படுவதால் வலைப்பின்னல் உருவாகிறது. சிலிக்கன் நான்கு ஃபுளூரின்களோடு தனி மூலக்கூறாக மூடிக்கொள்கிறது. உருகுநிலை அமைப்பைச் சொல்கிறது. பிணைப்பைப் பற்றிக் கேட்க உருகிய நிலைக் கடத்துதிறனே மேலான சாட்சி.

முக்கோணத்தை d-தொகுதியில் நம்பிச் செல்ல வேண்டாம். சீசியத்தோடு சேரும்போது சரியான இடத்தில் விழும் தங்கம், தனியாக அடிக்கோட்டில் 2.54-இல் நிற்கும்போது 2.55-இல் இருக்கும் கார்பனை ஒட்டிவிடுகிறது. நகைக்கடைத் தங்கத்தைச் சகப்பிணைப்புத் திண்மம் என்று எந்த மாணவரும் ஏற்கமாட்டார். s, p தொகுதித் தனிமங்களின் இருதனிமச் சேர்மங்களோடு பயிற்சியை நிறுத்திக்கொள்வது நல்லது.