ஆஃப் சீசன் போஸ்ட்: மலை ஹோம்ஸ்டே கேள்வி-பதில்

கொடைக்கானலில் மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறோம். ஜூலைக்குப் பாதி விலை என்று போஸ்ட் போடலாமா? (கீழக்கரை)

வேண்டாம். பாதி விலையைப் பார்த்தவர் மே மாதமும் அதையேதான் கேட்பார். ஒரு இரவு வாடகையைத் தொடாமல், நாட்களைக் கூட்டிக் கொடுங்கள். இரவுக்கு 2,500 என்றால், ஐந்து இரவு வாடகையான 12,500க்கு ஏழு இரவு கொடுக்கலாம். விரிப்பு மாற்றுவது, அறை கழுவுவது எல்லாம் வாரத்துக்கு ஒரே வேலையாக முடியும்.

போஸ்ட் போட்டும் புக்கிங் வரவில்லை. ஏன்? (தொண்டி)

போஸ்டை அனுப்பவில்லை, எந்த மாதம், என்ன வாடகை என்றும் எழுதவில்லை. எதைப் பார்த்துப் பதில் சொல்வது? மூன்றையும் அனுப்புங்கள்.

மே மாதப் படங்கள்தான் அழகாக இருக்கின்றன. அக்டோபருக்கும் அவற்றையே போடட்டுமா? (மண்டபம்)

கூடவே கூடாது. அக்டோபர், நவம்பரில் கொடைக்கானலில் நல்ல மழை. வெயில் படத்தைப் பார்த்துப் பிள்ளைகளோடு வந்தவர் மூடுபனியைப் பார்த்ததும் ஏமாந்துதான் போவார். போன வாரம் எடுத்த படத்தைத் தேதியோடு போடுங்கள். மழையில் பிள்ளைகள் உட்கார்ந்து விளையாட மூடிய திண்ணை இருந்தால், முதல் படம் அதுதான்.

'ஒர்க் ஃப்ரம் ஹோமுக்கு ஏற்ற இடம், ஹை ஸ்பீடு வைஃபை' என்று போட்டேன். வந்தவர் இரண்டாம் நாளே கிளம்பி மீதிப் பணத்தைக் கேட்கிறார். கொடுக்க வேண்டுமா? (ராமநாதபுரம்)

கொடுத்துவிடுங்கள். இந்த 'ஹை ஸ்பீடு' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அவர் உங்களை நம்பி ஒரு வார வேலையைத் தூக்கிக்கொண்டு மலையேறியிருக்கிறார். உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது: கரண்ட் போனதும் விளக்கு எரிந்தது, நெட் நின்றது. பல வீடுகளில் இதே கதைதான். விளக்கும் ஃபேனும் இன்வெர்ட்டரில் இருக்கும். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சாதாரண பிளக்கில் இருக்கும்.

போஸ்ட் போடும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, விருந்தினர் உட்காரும் மேஜையிலிருந்தே அரை மணி நேரம் வீடியோ கால் பேசிப் பாருங்கள். ரவுட்டர் பக்கத்தில் நின்று அளப்பதில் பயனில்லை. கருங்கல் சுவர் தாண்டினால் சிக்னல் நன்றாகக் குறைந்துவிடும். டவுன்லோடு எவ்வளவு இருந்தாலும் கால் திணறுவது பெரும்பாலும் அப்லோடில்தான். ஒருவர் வீடியோவில் பேச 4 எம்பிபிஎஸ் வரை தேவை. கணவன், மனைவி இருவரும் வேலை பார்த்தால் 10 இருந்தால் நிம்மதி.

அப்புறம் இப்படி எழுதுங்கள்: 'அறை மேஜையில் அப்லோடு 12 எம்பிபிஎஸ். கரண்ட் போனால் நெட் மூன்று மணி நேரம் தாங்கும். முதுகு சாயும் நாற்காலி உண்டு.' உங்கள் வீட்டில் அளந்த எண்ணைத்தான் போட வேண்டும். ஸ்பீடு டெஸ்ட் படத்திலும் தேதி இருக்கட்டும். ஃபைபர் கம்பியே அறுந்தால் என்ன மாற்று, எந்த சிம் அங்கே எடுக்கும் என்பதையும் சேருங்கள்.

நம்ம ஊர்க் குடும்பங்களுக்கு என்ன எழுதுவது? (தேவிபட்டினம்)

ராமநாதபுரத்திலிருந்து மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் காரில் ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும், வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், வெந்நீர் எந்த நேரம் வரும், கம்பளி எத்தனை உண்டு. இதை எழுதினாலே பாதி போன் கால் குறையும். படத்தில் தேதியை மறக்காதீர்கள்.