சதுர அலைக்கு 4A/nπ, 2A/nπ இரண்டுமே சரிதான்

கேள்வி: சதுர அலையின் ஃபூரியர் குணகம் ஒரு புத்தகத்தில் 4A/nπ, இன்னொன்றில் 2A/nπ என்று இருக்கிறது. எது சரி? அது ஏன் 1/n கணக்கில் குறைகிறது?

நீங்க மூன்றாவது செமஸ்டரில் சிக்னல்ஸ் பேப்பருக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தேர்வுக்கு இரண்டு வரி போதும் என்றால் அடுத்த பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

+A, −A என்று மாறும் அலை, பாதிக் காலம் மேலே, பாதிக் காலம் கீழே. சிக்கலெண் வடிவத்தில் தொகையிட்டால் c_n = A(1 − e^(−jnπ))/(jnπ) என்று வரும். n இரட்டை எண் என்றால் அடைப்புக்குள் இருப்பது 0, ஒற்றை என்றால் 2. ஆக ஒற்றை எண்களுக்கு c_n = 2A/(jnπ). ஆனால் இந்த வடிவத்தில் n எதிர்ம எண்ணாகவும் வரும், +3க்கு ஒன்று, −3க்கு ஒன்று. இரண்டையும் கூட்டினால் j அடிபட்டுப்போய் (4A/nπ) sin nωt கிடைக்கும். அவ்வளவுதான். ஒரே ஹார்மோனிக்கை ஒருவர் முழுசாக எழுதுகிறார், இன்னொருவர் இரண்டு பாதியாகப் பிரித்து எழுதுகிறார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய கடுப்பு உண்டு. கல்லூரி லேபில் ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 0 முதல் 5 வோல்ட் வரை 1 kHz சதுர அலை வைத்து, ஆசிலாஸ்கோப்பின் FFT-யில் பார்த்து எழுதச் சொன்னார்கள். A இங்கே 2.5 (மீதி 2.5 வோல்ட் நேர்மின் பகுதி, அது தனி), ஆக 1 kHz-ல் 3.18 வோல்ட், 3 kHz-ல் 1.06, 5 kHz-ல் 0.64. ஆனால் திரையில் வந்தது 7 dBV, −2.5 dBV, −7 dBV. அந்த அளவு RMS-ல் வருகிறது, 3.18-ஐ √2-ஆல் வகுத்தால் 2.25 வோல்ட், அதுதான் 7 dBV, கணக்கு அப்படியே பொருந்துகிறது. இதை ரெக்கார்டில் எழுதிக் காட்டினேன். வைவாவுக்கு வந்தவர் "விடை 4A/nπ, நீ எழுதினது வேற" என்று அடித்துவிட்டார். விளக்கவே விடவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல வந்துவிட்டான் என்று யாராவது கமென்டில் கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன், எனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ரெக்கார்டு நோட்டுக்கு பிரவுன் அட்டை போட்டிருக்கா, மார்ஜின் சிவப்பு மையா என்று பார்க்கிற நேரத்தில் பாதியைத் திரையைப் பார்க்கச் செலவிட்டிருக்கலாம்.

சரி, 1/n-க்கு வருவோம். சதுர அலையை வகையிட்டுப் பாருங்கள். தட்டையான இடமெல்லாம் 0 ஆகிவிடும், தாவும் இடத்தில் மட்டும் +2A, −2A என்று மாறிமாறி இம்பல்ஸ் நிற்கும். இம்பல்ஸ் வரிசையின் ஹார்மோனிக்குகள் அதிர்வெண் ஏற ஏறக் குறைவதே இல்லை, ஒற்றை எண்களுக்கு எல்லாம் ஒரே அளவு. அதிலிருந்து சதுர அலைக்குத் திரும்ப ஒரு முறை தொகையிட வேண்டும், தொகையிடும்போது ஒவ்வொன்றும் jnω-ஆல் வகுபடும். அந்த ஒரு வகுத்தல்தான் 1/n. முக்கோண அலையில் தாவலே இல்லை, சாய்வு மட்டும்தான் திடீரென மாறுகிறது, அங்கே இரண்டு முறை வகுபட்டு 1/n² ஆகிவிடும். ஆக, குறையும் வேகத்தை முடிவு செய்வது அலையின் விளிம்பு.

நிஜ ஜெனரேட்டரில் எந்த விளிம்பும் செங்குத்து இல்லை. ஏறுவதற்கு 100 நானோ வினாடி எடுக்கிறது என்றால், 1/(π × 100 ns), அதாவது சுமார் 3.2 MHz வரை உச்சிகள் பத்து மடங்கு அதிர்வெண்ணுக்கு 20 dB வீதம் இறங்கும், அதைத் தாண்டினால் 40 dB வீதம். பலகையில் ரேடியோ இரைச்சல் அதிகம் என்றால் கிளாக் வரியில் ஒரு சின்ன ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு விளிம்பை மெதுவாக்குவது இதனால்தான். அடிப்படை அதிர்வெண்ணைத் தொடவே வேண்டாம்.

உங்கள் திரையில் 2 kHz-லும் ஒரு உச்சி தெரிந்தால் சூத்திரத்தைச் சந்தேகப்பட வேண்டாம், டியூட்டி சைக்கிளைப் பாருங்கள். டியூட்டி d என்றால் அளவு sin(nπd)/n-ஐப் பொறுத்தது, சரியாக 50% இருந்தால் மட்டுமே இரட்டை ஹார்மோனிக் மறையும். 48% ஆனாலே இரண்டாவது ஹார்மோனிக் முதலாவதைவிட 24 dB மட்டும் கீழே வந்து நிற்கும், அது திரையில் நன்றாகவே தெரியும். ஜெனரேட்டரில் டியூட்டி குமிழைத் திருப்பிக்கொண்டே இருங்கள், 2 kHz உச்சி இரைச்சலுக்குள் மூழ்குகிற இடம்தான் 50%.