கெடு நீட்டிப்பு கேட்டு வாடிக்கையாளருக்கு எழுதுவது: கேள்வி பதில்

"சார், ஒர்க் கொஞ்சம் இழுக்குது, ஃப்ரைடே முடியாது போல. ரெண்டு மூணு நாள் எக்ஸ்ட்ரா குடுங்க ப்ளீஸ்." இதை மரியாதையா மாத்தித் தாங்க. 40 பக்கக் கையேடு மொழிபெயர்ப்பு, கெடு 14 வெள்ளி, இன்னைக்கு புதன். 26 முடிஞ்சு சரிபார்த்தாச்சு. திங்கள்கிழமை அவங்க கையேட்டுல இருக்கிற அட்டவணைகளை மாத்தினதால முடிச்ச 8 பக்கம் வீணாச்சு. ஒரு நாளைக்கு 6 பக்கம் வரும்.

சொற்களைத் தொடுவதற்கு முன் தேதியைக் கணக்கிடுங்கள். மீதி 14 பக்கம். வியாழன், வெள்ளியில் 12 ஆகும். திங்களன்று 2 பக்கமும் சரிபார்ப்பும். எதிர்பாராத தடைக்கு அரை நாள் சேர்த்தால் செவ்வாய் மதியம் ஆகும், செவ்வாய் மாலை என்று கேளுங்கள். "ரெண்டு மூணு நாள்" என்றால் வாடிக்கையாளரால் அச்சகத்துக்குத் தேதி சொல்ல முடியாது. இப்படி எழுதலாம்:

> பொருள்: கையேடு மொழிபெயர்ப்பு – கெடுவை 18 செவ்வாய்க்கு மாற்ற வேண்டுகோள்
>
> வணக்கம். கையேட்டை 14 வெள்ளியன்று தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அதை 18 செவ்வாய் மாலை 5 மணிக்குத் தர உங்கள் ஒப்புதலைக் கேட்டு எழுதுகிறேன்.
>
> 40 பக்கங்களில் 26 சரிபார்த்துத் தயாராக உள்ளன. மீதி 14இல் 8 பக்கங்கள், திங்களன்று வந்த புதிய அட்டவணைகளுக்கு ஏற்ப மறுபடி செய்ய வேண்டியவை.
>
> தயாரான 26 பக்கங்களை வெள்ளியன்றே அனுப்பிவிடுகிறேன். அதற்குள் வேறு ஏதேனும் பகுதி அவசரம் என்றால் சொல்லுங்கள், அதை முதலில் முடிக்கிறேன்.
>
> இந்தத் தேதி ஒத்துவருமா என்று நாளை மாலைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். மாற்றத்தால் ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன்.

கோரிக்கை முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. காரணத்துக்கு ஒரே வாக்கியம்தான். வெள்ளியன்று அவர் வெறுங்கையோடு நிற்கமாட்டார் என்பதுதான் இதில் மிகப் பெரிய மரியாதை.

தப்பு அவங்க மேல. நாம ஏன் வருந்தணும்? "நீங்கள் தாமதமாக மாற்றியதால்"னு நேரா எழுதினா என்ன?

"நீங்கள்" என்று தொடங்கினால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பதில் எழுதுவார், தேதி பற்றிய பேச்சு நின்றுபோகும். எண்களே போதும். அந்த 8 பக்கங்கள் இல்லாவிட்டால் மீதி 6, வியாழனில் முடிந்து வெள்ளியன்று சரிபார்ப்பும் ஆகியிருக்கும். படிப்பவருக்கு அது புரியும்.

நான் ஒத்துக்க மாட்டேன். ஒப்பந்தத்துல தாமத அபராதம் இருந்தா, "வருந்துகிறேன்" நம்ம தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?

நியாயமான கவலை. அதனால்தான் தாமதத்துக்கு வருந்தாமல் சிரமத்துக்கு வருந்தச் சொன்னேன். அபராத விதி இருந்தால், அட்டவணை மாறிய நாளையும் அதனால் கூடிய பக்கங்களையும் விடாமல் குறிப்பிட்டு, புதிய தேதிக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

அதுவும் போதாதுன்னுதான் நினைக்கிறேன். அந்த வரியையே எடுத்துடணும்.

பெரிய தொகை சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் என்றால் எடுத்துவிடுங்கள், கடிதம் கெடாது. வழக்கமான சிறு வேலைகளில் நான் வைக்கவே சொல்வேன். இதில் நாம் இருவரும் வேறுபடுகிறோம்.

போன்ல சொன்னா போதுமே, எதுக்கு இவ்வளவு?

முதலில் போனில் சொல்வது நல்லது. ஆனால் அன்றே எழுத்திலும் அனுப்புங்கள். பேசியவர் தன் மேலாளருக்குக் காட்ட ஒன்று வேண்டும்.

எனக்கு அட்டவணை எல்லாம் மாறல. வேற வேலையை முன்னாடி எடுத்துட்டேன். உடம்பு சரியில்லைன்னு போடலாமா?

வேண்டாம். அதே நாளில் நீங்கள் வேறு இடத்தில் வேலை ஒப்படைத்தது தெரிந்தால் அடுத்த உண்மையான காரணமும் எடுபடாது. "இந்த வேலைக்குத் தேவையான நேரத்தைக் குறைவாகக் கணித்துவிட்டேன்" என்று எழுதுங்கள். மற்ற வேலையைப் பற்றி அவருக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே "தாமதத்துக்கு வருந்துகிறேன்" என்றே இருக்கட்டும்.

கல்லூரி அசைன்மென்ட்டுக்கும் இதே மாதிரி அனுப்பலாமா?

அங்கே துறையின் விதிதான் முதலில். ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஒரு பொதுவான டெம்ப்ளேட் குடுங்க, பேரை மட்டும் மாத்திக்கிறேன்.

மேலே இருப்பதில் மாற்ற வேண்டியது பெயரை அல்ல, எண்களை. மீதி எவ்வளவு, ஒரு நாளில் எவ்வளவு, எந்தத் தேதி. இவை இல்லாமல் என்னால் எழுதித் தர முடியாது.

"கூடிய விரைவில் தருகிறேன்"னு முடிக்கலாமா?

மறுபடியும் சொல்கிறேன்: தேதி, கிழமை, நேரம்.

18 கேட்டேன், அதுவும் முடியாது போல. திரும்ப எப்படிக் கேட்பது?

18 காலையில் அல்ல, 17 காலையிலேயே எழுதுங்கள். அதுவரை முடிந்ததை இணைத்து அனுப்புங்கள். இம்முறை கேட்கும் நாளில் ஒரு முழு நாளைக் கூடுதலாக வையுங்கள், மூன்றாவது முறை கேட்க இடமிருக்காது.