அந்த ஐந்து சதவீதத்தை எங்கே வைப்பது?

அன்புள்ள ஐயா,

நான் ஓர் உலோக நிறுவனத்தின் நிதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுச் சுரங்கம் ஒன்றில் பங்கு வாங்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். வருங்கால வரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வழக்கமாக நாங்கள் வைக்கும் டிஸ்கவுண்ட் ரேட் 10 சதவீதம். "அந்த ஊர் அரசியலை நம்ப முடியாது, 5 சேர்த்து 15 போடு" என்கிறார் மேலாளர். நான் ரேட்டை 10-லேயே விட்டுவிட்டு, ஆண்டுக்கு 5 சதவீதம் திட்டம் கைவிட்டுப் போகலாம் என்று வைத்து வரவுகளைக் குறைத்துப் பார்த்தேன். இரண்டு விடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியென்றால் இதற்காக மேலாளரோடு மல்லுக்கட்டுவது வீண்வேலையா?

கே., கோயம்புத்தூர்

அன்புள்ள கே.,

விடைகள் ஒத்துப்போனது நீங்கள் வைத்த அனுமானத்தால். ஒவ்வோர் ஆண்டும் அதே 5 சதவீதம், போனால் முழுசாகப் போகும், கையில் ஒரு பைசா மிஞ்சாது என்று வைத்தீர்கள். முதல் ஆண்டு வரவை 0.95-ஆல் பெருக்குகிறோம், இரண்டாம் ஆண்டு வரவை 0.95-ஆல் இரண்டு முறை, மூன்றாம் ஆண்டு மூன்று முறை. டிஸ்கவுண்ட் ரேட் செய்வதும் இதே மாதிரியான தேய்மானம்தான். ஆகவே இந்த ஓர் அனுமானத்தில் மட்டும் இரண்டு முறைக்கும் நடுவே ஒரு சரியான மாற்று உண்டு: `(1 + r)/(1 − p) − 1`. இதில் r என்பது உங்கள் ரேட், p என்பது ஆண்டுக்குத் திட்டம் கைவிட்டுப் போகும் வாய்ப்பு. உங்கள் எண்களைப் போட்டால் 15.79 வரும், 15 அல்ல. ஆண்டுக்கு 100 கோடி வீதம் 20 ஆண்டு வரும் திட்டத்துக்கு 15 சதவீதத்தில் இன்றைய மதிப்பு 626 கோடி. உங்கள் முறையில் 600 கோடி. மேலாளர் 26 கோடி தாராளமாக இருக்கிறார், அவ்வளவுதான். இதற்காகச் சண்டை வேண்டாம்.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. அந்த அனுமானம் எந்த நாட்டில் பொருந்துகிறது? நான் பார்த்த வரையில் அரசியல் ஆபத்து ஆண்டுதோறும் ஒரே அளவில் சொட்டிக்கொண்டிருப்பதில்லை. தேதி வைத்துக்கொண்டு வருகிறது.

பனாமாவின் கோப்ரே பனாமா செம்புச் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் ஃபர்ஸ்ட் குவாண்டம் நிறுவனம் நடத்தியது. வணிக உற்பத்தி தொடங்கியது 2019 செப்டம்பரில். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 5 சதவீதம் அந்த ஒரு சுரங்கத்திலிருந்து வந்தது. ஆனால் அதன் அடிப்படை ஒப்பந்தம் 1997-இல் போட்ட ஒரு சட்டம். அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது சுரங்கம் கட்டி முடிவதற்கு முன்பே! தீர்ப்பு அரசிதழில் வந்தது 2021 இறுதியில். பிறகு பேச்சுவார்த்தை இழுத்து இழுத்து, 2023 அக்டோபரில் புதிய ஒப்பந்தச் சட்டம் நிறைவேறியது. ஆண்டுக்குக் குறைந்தது 375 மில்லியன் டாலர் அரசுக்குத் தர வேண்டும் என்றது அது. மக்கள் தெருவில் இறங்கினார்கள், சாலைகள் அடைபட்டன. நவம்பர் இறுதியில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தையும் செல்லாது என்றது. சுரங்கம் மூடப்பட்டது. அடுத்த ஆறு மாதத்தில் பொதுத்தேர்தல்.

2019-இல் இந்தச் சுரங்கத்துக்குக் கணக்குப் போட உட்கார்ந்தவருக்கு, ஆபத்து ஓர் இடத்தில் குவிந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்திருக்கும்: ஒப்பந்தத்தை மறுபடி எழுதியாக வேண்டும், எழுதியதும் மறுபடி நீதிமன்றத்துக்குப் போகும். அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் அதன் பிறகு பெரிய பயம் இல்லை. இந்த வடிவத்தை எல்லா ஆண்டுக்கும் ஒரே டிஸ்கவுண்ட் ரேட் போட்டுச் சொல்ல முடியாது.

உங்கள் 100 கோடித் திட்டத்திலேயே இதைப் போட்டுப் பார்ப்போம். முதல் ஐந்து ஆண்டு ஆபத்து இல்லை. ஐந்தாம் ஆண்டு முடிவில் ஒப்பந்தப் புதுப்பிப்பு, அதில் பறிபோக 40 சதவீத வாய்ப்பு. தப்பித்துவிட்டால் மிச்சம் 15 ஆண்டு நிம்மதி. 10 சதவீத ரேட்டில் முதல் ஐந்து ஆண்டு வரவின் மதிப்பு 379 கோடி. மீதி 472 கோடி, அதில் 60 சதவீதம் என்றால் 283. ஆக மொத்தம் 662 கோடி.

இதே 662-ஐ ரேட்டை மட்டும் தூக்கிக் கொண்டுவர முடியுமா? முடியும். 14 சதவீதம் போட்டால் அப்படியே 662 வரும். உங்கள் மேலாளர் 4 சேர்க்கச் சொல்லியிருந்தால் மொத்தத் தொகையில் தவறே கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உள்ளே பிரித்துப் பாருங்கள். 14 சதவீதத்தில் முதல் ஐந்து ஆண்டின் மதிப்பு 343, பிந்தைய 15 ஆண்டின் மதிப்பு 319. ஆபத்தே இல்லாத ஆண்டுகளில் 36 கோடியைப் பிடுங்கி, ஆபத்துக்குப் பிந்தைய ஆண்டுகளுக்குக் கொடுத்திருக்கிறது அந்த ரேட். கூட்டுத்தொகை சரி, இரண்டு பாகமும் தப்பு.

கூட்டுத்தொகை சரியென்றால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, ஏனென்றால் வாங்கலாமா வேண்டாமா என்பதோடு முடிவுகள் நிற்பதில்லை. அடுத்த மாதமே ஒருவர் வந்து, "இன்னொரு அரவை ஆலை போடுவோம், இன்று 90 கோடி செலவு, ஆறாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 30 கோடி கூடுதலாக வரும்" என்பார். 14 சதவீதத்தில் அந்த வரவின் மதிப்பு 96 கோடி. ஆறு கோடி லாபம், கையெழுத்துப் போடுங்கள். ஆனால் அந்த வரவு முழுக்கப் புதுப்பிப்புக்குப் பிறகு வருவது. உண்மையான மதிப்பு 85 கோடி. ஐந்து கோடி நஷ்டம். ஏற்கெனவே கழற்றிப் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்ட அதே ரேட்டுதான் இங்கே தப்பான கையெழுத்தை வாங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. புதுப்பிப்பு நடக்கட்டும், தப்பித்தால் அந்த 90 கோடியை அப்போது போடுவோம் என்று காத்திருக்கலாம். கட்டுவதில் ஓராண்டு வரவு போனாலும் பரவாயில்லை. ஐந்தாம் ஆண்டு முடிவில், பிழைத்திருந்தால், அந்த ஆலையின் நிகர மதிப்பு 111 கோடி. அதில் 60 சதவீதத்தை இன்றைக்குக் கொண்டுவந்தால் 41 கோடி. இன்றே போட்டால் 5 கோடி நஷ்டம், பொறுத்துப் போட்டால் 41 கோடி லாபம். ரேட்டுக்குள் ஆபத்தைக் கரைத்துவிட்டவருக்கு "பொறுப்போம்" என்ற யோசனையே வராது. அவருடைய எக்செலில் ஐந்தாம் ஆண்டும் எட்டாம் ஆண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன.

பணம் வெளியே போகும் ஆண்டுகளில் ரேட் செய்யும் வேலை இன்னும் வேடிக்கை. சுரங்கத்தை மூடும்போது குழியை நிரப்பி, கழிவுக் குளத்தைப் பாதுகாப்பாக்கி விட்டுப் போக வேண்டும். 20-ஆம் ஆண்டு முடிவில் 300 கோடி என்று வையுங்கள். 10 சதவீதத்தில் இன்றைய மதிப்பு 45 கோடி. 15-இல் 18 கோடி. நாடு மோசமாக ஆக ஆக, சுத்தம் செய்யும் செலவு குறைகிறதாம்! அரசே சுரங்கத்தை எடுத்துக்கொண்டு பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் இதில் நியாயம் உண்டு. ஆனால் கோப்ரே பனாமாவில் அப்படி நடக்கவில்லை. உற்பத்தி நின்ற பிறகும் இயந்திரங்களையும் கழிவுக் குளத்தையும் பராமரிக்கும் செலவு மாதாமாதம் நிறுவனத்தின் தலையில்தான் விழுந்தது. கணக்கைப் பறிபோவது, தப்பிப்பது என்று இரண்டு கிளையாகப் பிரித்தால், பறிபோகும் கிளையில் பூஜ்யம் போடுவதா, கழித்தல் குறி போடுவதா என்பது ஒப்பந்தத்தைப் படித்தால் தெரிகிற விஷயம். ரேட்டில் அதற்கு இடமே இல்லை. இழப்பீடு கிடைக்கும் என்று நம்பினால் அதையும் எழுத வேண்டியது அந்தக் கிளையில்தான்.

சரி, மேலாளரின் அந்த 5 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அந்த நாட்டு அரசின் டாலர் கடன் பத்திரம் அமெரிக்கப் பத்திரத்தைவிட எவ்வளவு கூடுதல் வட்டி தருகிறது என்பதிலிருந்து. அந்த வட்டி சொல்வது, அரசு கடனைத் திருப்பித் தராமல் போகும் வாய்ப்பை. சுரங்கத்தை மூடும் வாய்ப்பு வேறு சரக்கு. பனாமா 2010-லிருந்து முதலீட்டுத் தர மதிப்பீட்டில் இருந்த நாடு. சுரங்கம் மூடிய அன்றும் அந்தத் தரத்தில்தான் இருந்தது. தர மதிப்பீட்டு நிறுவனமான ஃபிட்ச் அதைக் கீழே இறக்கியது 2024 மார்ச்சில், சுரங்கம் மூடப்பட்டதையும் ஒரு காரணமாகச் சொல்லி. பத்திரத்தைப் பார்த்துச் சுரங்கத்தின் ஆபத்தை அளந்தவருக்குச் செய்தி நான்கு மாதம் தாமதமாக வந்து சேர்ந்தது.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் "கன்ட்ரி ரிஸ்க்" என்று ஒரு கட்டம் இருக்கும். திட்டம் ரொம்ப லாபமாகத் தெரிந்தால் 3 என்பது 5 ஆகும், பெரியவருக்குப் பிடித்த திட்டமென்றால் 5 மறுபடி 3 ஆகும். யாரும் கேள்வி கேட்டதில்லை, கேட்க அதில் பிடிமானம் இல்லை. "ஐந்தாம் ஆண்டில் 40 சதவீதம்" என்று எழுதியிருந்தால் உள்ளூர் வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அவர் சிரித்துவிட்டு 60 என்பார். அதுவும் ஊகம்தான். ஆனால் தகராறு செய்ய முடிகிற ஊகம்.

இந்தத் தகராறு நடுவர் மன்றம் வரை போயிருக்கிறது. வெனிசுவேலா மீது தொடுத்த இரண்டு வழக்குகளில், முதலீட்டுத் தகராறுகளுக்கான உலக வங்கிக் குழும அமைப்பான ஐசிஎஸ்ஐடி வழியே, 2014-இல் சில வார இடைவெளியில் தீர்ப்பு வந்தது. கோல்ட் ரிசர்வ் என்ற தங்கச் சுரங்க நிறுவனத்தின் வழக்கில், அரசு பறித்துக்கொள்ளும் என்ற பயத்தை ரேட்டில் ஏற்றக் கூடாது என்றார்கள். மொபில் எண்ணெய் நிறுவனத்தின் வழக்கில் அந்தப் பயமும் ரேட்டில் அடக்கம் என்று சொல்லி 18 சதவீதத்தை ஏற்றார்கள். எனக்கு முதல் தீர்ப்புதான் சரியாகப் படுகிறது. பறிப்பவன் என்று பேர் வாங்கிய அரசு, அந்தப் பேராலேயே இழப்பீட்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்றால் அதென்ன நியாயம்? அந்த வாதம் எப்படிப் போனாலும், பயத்துக்குத் தனி வரி இருந்தால் மன்றம் கேட்கும்போது அந்த ஒரு வரியை நீக்கிக் காட்டலாம். 18-க்குள் கரைத்துவிட்டால் அதில் எத்தனை பறிப்பு, எத்தனை எண்ணெய் விலை என்று யாராலும் பிரிக்க முடியாது.

உங்கள் முறைக்கும் ஓட்டை உண்டு, மேலாளர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். விலை ஏறும்போதுதான் அரசுகளுக்குக் கை அரிக்கும். வெனிசுவேலா 2007-இல் எண்ணெய்த் திட்டங்களைக் கையகப்படுத்தியது விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில். ஆகவே நல்ல விலைக்கும் மோசமான விலைக்கும் ஒரே 40 சதவீதம் போட்டால், சரியாக லாபம் கொழிக்கும் கிளையில் ஆபத்தைக் குறைத்துக் காட்டுகிறீர்கள். விலைக்கு மூன்று நிலை வைத்து, உயர்ந்த விலையில் வாய்ப்பைக் கூட்டுங்கள்.

மேலாளரிடம் போகும்போது 15-ஐத் தூக்கச் சொல்லித் தொடங்காதீர்கள். எக்செலில் வரவுக்குக் கீழே "இந்த ஆண்டு வரை கையில் இருக்கும் வாய்ப்பு" என்று ஒரு வரி சேர்த்து, தேர்தல் ஆண்டையும் ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் மஞ்சளாக்கிக் காட்டுங்கள். எண்களை அவரையே நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பி முடித்ததும் ரேட்டை 10-க்கு இறக்க மறக்க வேண்டாம். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரே ஆபத்துக்கு இருமுறை அபராதம் கட்டிய திட்ட அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.