மேனேஜர் வாய் திறக்காத ஐந்தாவது மாதம்

வணக்கம் ஐயா. நீங்கள் போனில் பேசிய அன்று இரவே உங்கள் மகளும் என்னை அழைத்தார். இரண்டு பேரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஜூலை 1-ஆம் தேதி சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்தவர். ஆறு மாத ப்ரொபேஷன் டிசம்பர் 31-ல் முடிகிறது. இப்போது நவம்பர் பாதி. இதுவரை மேனேஜர் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து லேப்டாப்பைத் திறந்து, அனுப்பிய மெயிலையே திரும்பப் படிக்கிறாள் என்றீர்கள். போன வாரம் மேனேஜர் சாட்டில் வெறும் ‘ஓகே’ என்று மட்டும் பதில் போட்டாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று அரை மணி நேரம் என்னிடம் கேட்டார்.

அதற்கு ஓகே என்றுதான் அர்த்தம். ஆனால் இதைச் சொன்னால் யாருக்கும் தூக்கம் வந்துவிடாது. அதனால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பல நிறுவனங்களில் ப்ரொபேஷன் முடிய மூன்று நான்கு வாரம் இருக்கும்போது எச்.ஆரிடமிருந்து மேனேஜருக்கு ஒரு படிவம் போகும். நிரந்தரமாக்கலாமா, ப்ரொபேஷனை நீட்டிக்கலாமா, அனுப்பிவிடலாமா என்று மூன்றில் ஒன்றைக் குறித்து, இரண்டு வரி காரணம் எழுத வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் அதைக் கால் மணி நேரத்தில் நிரப்பிவிடுவார். ஜூலையில் என்ன நடந்தது என்பது அவருக்கு நினைவிருக்காது. கடைசி ஒரு மாதமும், யாராவது புகார் சொல்லியிருந்தால் அதுவும்தான் மனதில் நிற்கும். அவர் பேசாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், உங்கள் மகளைப் பற்றி இன்னும் எதையும் யோசிக்கவில்லை என்பதுதான். ஒரு விதத்தில் இது நல்லது. ஆனால் படிவம் வருமுன் அவர் யோசிக்க வேண்டும், சரியான விஷயங்களை வைத்து யோசிக்க வேண்டும்.

உங்கள் மகள் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கிறார். “சார், நான் எப்படிப் பண்றேன்?” “நல்லாத்தான் போகுது, கன்டினியூ பண்ணுங்க.” அவ்வளவுதான். இப்படிப் பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். அதனால் சென்ற சனிக்கிழமை அவரை உட்காரவைத்து, அக்டோபரில் அவர் பதிந்த பக் ரிப்போர்ட்டுகளை, அதாவது மென்பொருளில் கண்ட பிழைகளின் பதிவுகளை, எண்ணச் சொன்னேன். மொத்தம் 40. அதில் 11-ஐ டெவலப்பர்கள் திருப்பியிருக்கிறார்கள். இரண்டு, வேறொருவர் ஏற்கெனவே பதிந்தவை. மிச்சம் ஒன்பதும் ‘எங்களுக்கு இந்தப் பிழை வரவில்லை’ என்று மூடப்பட்டவை. அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஆறில் மென்பொருளின் எந்தப் பதிப்பில், அதாவது எந்த பில்டில், சோதித்தார் என்பதே இல்லை. எந்தக் கணக்கில் லாகின் செய்து, எதை அழுத்தியபோது பிழை வந்தது என்ற வரிசையும் பாதியில் நின்றிருந்தது. மேனேஜர் வாயால் சொல்லாத ஃபீட்பேக் இத்தனை நாளும் அங்கேதான் கிடந்திருக்கிறது. வேலை எதுவானாலும் இப்படி ஓரிடம் இருக்கும்: திரும்பி வந்த ஃபைல், சீனியர் சத்தமில்லாமல் திருத்திப் போட்ட வரி, வாடிக்கையாளர் இரண்டாம் முறை கேட்ட கேள்வி.

அன்றே மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதினோம். உங்கள் மகள் ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் இதுதான்: “அக்டோபரில் நான் பதிந்த 40-ல் 11 திரும்பின. பெரும்பாலானவற்றில் பில்ட் எண்ணும் படிகளும் முழுமையாக இல்லை. இந்த வாரத்திலிருந்து இணைத்துள்ள மாதிரிப்படி எழுதுகிறேன். இதைத் தவிர நான் முதலில் சரிசெய்ய வேண்டியது என்று நீங்கள் நினைக்கும் ஒன்றைச் சொல்ல, வியாழக்கிழமை 15 நிமிடம் கிடைக்குமா?” ‘ஒன்று’ என்று கேட்டதில் காரணம் இருக்கிறது. நான்கு குறை சொல்லச் சொன்னால் மனிதர்கள் சங்கடப்பட்டு நழுவுவார்கள், ஒன்றைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்தச் சந்திப்பு முடியும்போது, “இப்போது இருக்கும் நிலையில் என் கன்ஃபர்மேஷனுக்கு ஏதாவது தடை தெரிகிறதா சார்?” என்று நேராகவே கேட்கச் சொல்லியிருக்கிறேன். பேசியதை அன்று மாலையே நான்கு வரியில் மெயிலாக அனுப்பிவிட வேண்டும். அப்புறம் டிசம்பர் முடியும்வரை வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து வரி: என்ன முடித்தேன், எது திரும்பி வந்தது, எது பாக்கி. படிவம் நிரப்பும் நாளில் மேனேஜர் கையில் எழுதுவதற்கு ஏதோ இருக்கும்.

உண்மையாகவே கவலைப்பட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. கையில் இருந்த வேலையைக் காரணம் சொல்லாமல் வேறொருவருக்கு மாற்றுவது, வழக்கமான மீட்டிங் அழைப்புகளிலிருந்து பெயர் விடுபடுவது, தவறுகளைத் தேதியோடு பட்டியலிட்டு எச்.ஆருக்கும் நகல் போட்டு மெயில் வருவது. இதில் இரண்டு சேர்ந்து நடந்தால் வேறு வேலை தேடத் தொடங்கிவிடலாம். உங்கள் மகளுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. ஜனவரியில் வரும் ரிலீஸ் வேலையில் அவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் கிளையன்ட் ப்ராஜெக்ட்டைக் குறைத்தால் நன்றாக வேலை செய்பவரையும் அனுப்புவார்கள். அதற்கு எந்த மெயிலும் மருந்தில்லை. அதனால்தான் கன்ஃபர்மேஷன் வரும்வரை தவணையில் ஸ்கூட்டர் வேண்டாம், மூன்று மாத ஹாஸ்டல், சாப்பாட்டுச் செலவைத் தனியாக வையுங்கள் என்றேன்.

சட்டத்தையும் கேட்டீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவு, தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தவரை நியாயமான காரணமின்றி, ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ தராமல் நீக்கக் கூடாது என்கிறது. விசாரணையில் நிரூபணமான ஒழுங்கீனத்துக்கு அந்த நோட்டீஸ் தேவையில்லை. ஆறு மாதம் நிறையும்வரை இவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் உள்ள நோட்டீஸ் நாட்கள்தான் கணக்கு. ஒருவேளை எச்.ஆர் அறைக்குக் கூப்பிட்டு “இப்போதே ராஜினாமா எழுதிக் கொடுங்கள்” என்றால், அங்கேயே கையெழுத்துப் போட வேண்டாம். “ஒரு நாள் டைம் கொடுங்கள், சொல்வதை மெயிலில் அனுப்புங்கள்” என்று கேட்டுவிட்டு வெளியே வரலாம். ராஜினாமாதான் நல்லது என்று பிறகு முடிவெடுத்தாலும், நோட்டீஸ் காலச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். அடுத்த இன்டர்வியூவில் இந்த ஆறு மாதத்தை மறைக்கவும் கூடாது. பி.எஃப் பிடித்திருந்தால் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அந்தக் கணக்கிலேயே தெரியும்.

உங்களிடம் ஒரு விஷயம், ஐயா. தினமும் ராத்திரி “ஏதாவது சொன்னாங்களாம்மா?” என்று கேட்கிறீர்கள் அல்லவா, அதை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் நம்பரை வாங்கி நீங்களே பேசிப் பார்க்கட்டுமா என்றீர்களே, அது வேண்டவே வேண்டாம். ஒரு தகப்பனார் அப்படிப் பேசியதை எனக்குத் தெரியும். பையனுக்கு வேலை போகவில்லை, ஆனால் அந்த டீமில் அவனுடைய பெயரே ‘அப்பா’ ஆகிவிட்டது.

மகள் எனக்கு அப்பாயின்ட்மென்ட் லெட்டரின் முதல் இரண்டு பக்கத்தை மட்டும்தான் அனுப்பியிருக்கிறார். மீதியும் வேண்டும். ‘எழுத்துமூலம் உறுதிசெய்யும்வரை ப்ரொபேஷன் தொடரும்’ என்று இருக்கிறதா, ‘ஆறு மாதம் முடிந்ததும் நிரந்தரமானதாகக் கருதப்படும்’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலாவதாக இருந்தால் ஜனவரி 1-ஆம் தேதி கடிதம் வரவில்லை என்றாலும் அவர் ப்ரொபேஷனில்தான் இருக்கிறார் என்றாகும், எச்.ஆரிடம் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும். வியாழக்கிழமை மீட்டிங்குக்கு முன்னால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.