இப்போது வரியா, அறுபதில் வரியா?

கேள்வி: எனக்கு வயது 42. சேலத்தில் தனியார் நிறுவனத்தில் வேலை. புதிய வரி முறையில் வரிக்குரிய வருமானம் 18 லட்சம். சம்பளத்தில் ஒரு லட்சத்தை நிறுவனத்தின் பங்காக தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ்ஸில் போட்டுவிடலாமா என்று எச்ஆரில் கேட்கிறார்கள். ‘பொது சேமநிதியான பிபிஎஃப்பில் போடு, கடைசியில் வரியே கிடையாது’ என்கிறார் அண்ணன். மனைவி அஸ்தம்பட்டியில் ஆசிரியை, ஆண்டுக்கு 7 லட்சம். யாருக்கு எது சரி?

பதில்: அண்ணன் சொல்வது பாதிதான் உண்மை. பிபிஎஃப்பில் கடைசியில் வரி இல்லைதான். ஆனால் புதிய வரி முறையில் பிபிஎஃப்பில் போடும் பணத்துக்கு வரிக் கழிவு கிடையாது. அதனால் நீங்கள் அதில் போடுவது ஏற்கெனவே வரி கட்டி மிஞ்சிய பணம். போடும்போது வரி, வளரும்போது இல்லை, எடுக்கும்போதும் இல்லை. டி என்றால் வரி, ஈ என்றால் விலக்கு, அதனால் இதை டிஈஈ என்பார்கள். எச்ஆர் சொல்லும் வழி ஈஈடி: போடும்போதும் வளரும்போதும் விலக்கு, எடுக்கும்போது வரி.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். நூறு நாற்றில் இருபதை இன்றே ஒருவர் பிடுங்கிக்கொண்டாலும், நூறையும் வளரவிட்டு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும் உங்களுக்கு மிஞ்சும் காப்பி ஒன்றுதான். உங்கள் ஒரு லட்சத்துக்கும் அதே கணக்கு. 8 சதவீதத்தில் வளர்ந்தால் 18 ஆண்டில் பணம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். 20 சதவீத வரியை இன்றே கட்டினால் 80,000 உள்ளே போய் 3,20,000 ஆகும். கடைசியில் கட்டினால் 4,00,000 ஆகி, வரி போக அதே 3,20,000 மிஞ்சும். வரியைத் தள்ளிப்போடுவதே லாபம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. இன்றைய விகிதமும் அன்றைய விகிதமும் வேறுபட்டால்தான் ஒன்று மற்றதை வெல்லும்.

உங்களுக்கு இன்றைய விகிதம் தெரியும். 16 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 20 சதவீதம், செஸ் சேர்த்து 20.8. அதாவது ஒரு லட்சத்தைச் சம்பளமாக வாங்கினால் 79,200 தான் கைக்கு வரும். என்பிஎஸ்ஸில் முழு லட்சமும் போகும், அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை. 60 வயதில் அது நான்கு லட்சமானால் 60 சதவீதம், அதாவது 2,40,000, வரியில்லாமல் கைக்கு வரும். மீதி 1,60,000-ல் ஓய்வூதியம் வாங்கினால் அந்த ஓய்வூதியம் மட்டும் ஆண்டுதோறும் வருமானத்தோடு சேரும். ஆக, பெயர்தான் ஈஈடி, கடைசியில் இருக்கும் அந்த ‘டி’ பாதிகூட இல்லை. ஓய்வுக்குப் பிறகு நீங்கள் 20 சதவீத அடுக்கில் இருந்தாலும் இதுவே மேல்.

அன்றைய விகிதத்தை யாராலும் சொல்ல முடியாது என்பதையும் மறைக்கக் கூடாது. இன்று 12 லட்சம் வரை வரி இல்லை. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறி, அந்த வரம்பு மட்டும் அசையாமல் நின்றால், 18 ஆண்டு கழித்து அந்த 12 லட்சத்தின் மதிப்பு இன்றைய 4.2 லட்சம்தான். வீட்டு வாடகை வருமானமும் இருந்தால் வரம்பைத் தாண்டிவிடலாம். ஈஈடியில் இந்தச் சுமை உங்கள் தலையில். டிஈஈயில் வரி முடிந்துபோன விஷயம், அரசு வாக்கு மாறாதவரை. 2016 பட்ஜெட்டில் பிஎஃப் எடுக்கும்போது ஒரு பகுதிக்கு வரி என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் கைவிட்டது நினைவிருக்கலாம்.

மனைவிக்குக் கணக்கு தலைகீழ். 7 லட்சத்துக்கு இன்று அவர் கட்டும் வரி பூஜ்யம். என்பிஎஸ் அவருக்கு மிச்சப்படுத்த இன்று எதுவுமே இல்லை, பின்னால் வரப்போகும் வரியை மட்டும் கூட்டிவைக்கும். அவர் பெயரில் பிபிஎஃப் போடுங்கள். முதலிலும் வரி இல்லை, கடைசியிலும் இல்லை. அண்ணன் சொன்னது உங்களைவிட அவருக்குத்தான் பொருந்தும்.

ஒரு பொறி இருக்கிறது. மொபைல் செயலியில் நீங்களே என்பிஎஸ்ஸில் பணம் போட்டால் புதிய வரி முறையில் கழிவு கிடையாது. முன்னாலும் வரி, ஓய்வூதியத்துக்கும் வரி என்று இரண்டு பக்கமும் அடி விழும். ‘சம்பளத்தில் பிடித்துவிடுகிறோம்’ என்று எச்ஆர் சொன்னால் கொஞ்சம் நிறுத்தி, ஊழியர் பங்காகப் பிடிக்கிறீர்களா, நிறுவனத்தின் பங்காகப் போடுகிறீர்களா என்று கேளுங்கள். ஆண்டு முடிந்து நிறுவனம் தரும் வரிச் சான்றிதழ் வந்ததும், என்பிஎஸ்ஸில் நிறுவனத்தின் பங்குக்கான கழிவு என்ற இடத்தில் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். அது காலியாக இருந்தால் உங்களுக்குக் கழிவு வரவில்லை.